பேசாத குழந்தையின் வலியை அளப்பது எப்படி? நர்சிங் மாணவர்களின் கேள்விகளும் சில பயிற்சிகளும்

வாயைத் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்கு வலி ஆறு, ஏழு என்று எப்படி எண் போட முடியும்?

அந்த ஆறும் ஏழும் வலியின் அளவு என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வலியின்போது குழந்தைகள் வழக்கமாகக் காட்டும் சில நடத்தைகளில் எவையெவை, எந்த அளவுக்கு உங்கள் கண்ணில் பட்டன என்ற கணக்கையே அந்த எண் சொல்கிறது. ஒரே எண் பெற்ற இரண்டு குழந்தைகளுக்கு ஒரே அளவு வலி இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே குழந்தை மதியம் இரண்டு மணிக்கு ஆறும், மருந்து கொடுத்த பிறகு மூன்று மணிக்கு இரண்டும் பெற்றால், அந்த இறக்கத்தை நம்பலாம்.

1980களின் நடுப்பகுதி வரை, பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிராததால் அதற்கு வலி தெரியாது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. தசைகளை அசையாமல் வைக்கும் மருந்தும் மிகக் குறைந்த மயக்கமும் மட்டுமே கொடுத்து அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1987இல் கன்வல்ஜீத் சிங் ஆனந்தும் உடன் ஆய்வு செய்தவர்களும், இதய அருகு ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு உடல் அழுத்த ஹார்மோன்களின் ஏற்றமும் பின்விளைவுகளும் குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். நீங்கள் இன்று வார்டில் நிரப்பும் படிவங்களில் பெரும்பாலானவை அதற்கடுத்த பத்தாண்டுகளில் உருவானவை.

எந்த வயதுக்கு எந்த அளவுகோல்? பரீட்சைக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் போதும்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட மூன்று வாசல்களாக நினைவில் வைத்துக்கொள்வது எளிது. பிறந்த குழந்தைக்கு நிப்ஸ். குறைமாதக் குழந்தையாக இருந்தால் பிப்-ஆர். இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை, தன் வலியைத் தானே சொல்ல முடியாத குழந்தைக்கு ஃப்ளாக். தானே சொல்லக்கூடிய குழந்தைக்கு, ஏறத்தாழ நான்கு வயதிலிருந்து, முகப்படங்கள்.

வயது எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதைக் கவனியுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஃப்ளாக் செல்லும். ஆனால் அவள் தெளிவாகப் பேசுகிறாள் என்றால் அவளையே கேட்க வேண்டும். பேசக்கூடிய குழந்தையைக் கேட்காமல் ஓரமாக நின்று கவனித்து எண் போடுவது, வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டில் விசாரிப்பதற்குச் சமம். அதே குழந்தை மயக்க மருந்தின் தாக்கத்திலிருந்து முழுதாக விடுபடாத முதல் ஒரு மணி நேரத்தில் ஃப்ளாக்குக்குத் திரும்புவது சரியே.

இந்தப் பக்கத்தில் ஃப்ளாக்குக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். குழந்தைகள் வார்டில் நீங்கள் அதிகம் நிரப்புவதும், அதிகம் தவறு செய்வதும் அதில்தான்.

ஃப்ளாக்கில் ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 எப்படிப் பிரிப்பது? 1-க்கும் 2-க்கும் நடுவில் எப்போதும் குழம்புகிறது.

முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே ஃப்ளாக். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 1997இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2, ஆக மொத்தம் 10.

முகத்தில், இயல்பான பாவனையோ சிரிப்போ இருந்தால் 0. இடையிடையே முகம் சுளித்தாலோ புருவம் நெரிந்தாலோ 1. எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிய முகத்துக்கும் இதே 1 உண்டு என்பதை மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மோவாய் அடிக்கடி நடுங்குவது, தாடை இறுகிக் கிடப்பது ஆகியவை 2.

கால்கள் தளர்ந்து இயல்பாகக் கிடந்தால் 0. நிலைகொள்ளாமல் அசைந்தாலோ தொட்டால் விறைப்பாக இருந்தாலோ 1. உதைத்தாலோ வயிற்றை நோக்கி மடக்கி இழுத்துக்கொண்டாலோ 2. உடல் அசைவில், அமைதியாகப் படுத்து எளிதாகப் புரண்டால் 0; நெளிந்துகொண்டும் முன்னும் பின்னும் மாறிக்கொண்டும் இருந்தாலோ, இறுக்கமாக இருந்தாலோ 1; வில்லாக வளைந்தாலோ, கட்டையாக விறைத்தாலோ, வெட்டி வெட்டி இழுத்தாலோ 2.

அழுகை இல்லையென்றால், தூங்கினாலும் விழித்திருந்தாலும் 0. முனகல், சிணுங்கல், எப்போதாவது ஒரு புகார் என்றால் 1. நிற்காத அழுகை, வீறிடல், விம்மல் என்றால் 2. கடைசியாக, தேற்றும் தேவையே இல்லாமல் நிம்மதியாக இருந்தால் 0. தொட்டாலோ அணைத்தாலோ பேச்சுக் கொடுத்தாலோ தேறினால் 1. எதைச் செய்தும் தேற்ற முடியவில்லை என்றால் 2.

உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். முகத்துக்கும் அழுகைக்கும் 1-ஐ 2-இலிருந்து பிரிப்பது பெரும்பாலும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே. விட்டு விட்டு வந்தால் 1, விடாமல் வந்தால் 2. கால்களுக்கும் உடலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அசைவின் வடிவம் முக்கியம். காலை ஒரு முறை மடக்கினாலும், நீட்டிவிட்டதும் மறுபடி மடக்கிக்கொண்டால் அது 2தான்.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? ஒரு நர்சுக்குப் பதினைந்து கட்டில் இருக்கும்போது இது நடக்கிற காரியமா?

விழித்திருக்கும் குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம், தூங்கும் குழந்தைக்கு முடிந்தால் ஐந்து நிமிடம். போர்வையை விலக்கிக் கால்களையும் உடலையும் பார்த்தாக வேண்டும். உடலைத் தொட்டு விறைப்பு இருக்கிறதா என்று உணர வேண்டும். முடிந்தால் ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

நேரமில்லை என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைத் தனியாகத் தேடத் தேவையில்லை. நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணும் நேரத்திலேயே முகத்தையும் காலையும் பார்த்துவிடலாம். கேஸ் ஷீட்டில் எழுத உட்கார்ந்த பிறகு நினைவிலிருந்து எண் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். அப்போது நினைவுக்கு வருவது அழுகை ஒன்று மட்டுமே.

ஒரு கேஸை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுங்கள்.

பதினான்கு மாத ஆண் குழந்தை, எடை 9 கிலோ. காலை ஒன்பது மணிக்கு வலப்பக்க ஹெர்னியா அறுவை சிகிச்சை முடிந்தது. மயக்க மருத்துவர் முதுகின் கீழ்ப்பகுதியில் காடல் ஊசி போட்டிருக்கிறார். பதினொரு மணிக்கு வார்டுக்கு வந்த குழந்தை, அம்மாவின் வளையலைப் பிடித்து விளையாடுகிறான். மாணவி ஐந்துக்கும் 0 போட்டு மொத்தம் 0 என்று எழுதுகிறார். எண் சரி, ஆனால் அதன் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. காடல் மருந்தால் கால்கள் மரத்திருக்கக்கூடும், ஆகவே கால்கள் தளர்ந்து கிடப்பதை இப்போது நிம்மதியின் அடையாளமாகக் கொள்ள முடியாது. அந்த மருந்தின் பலன் சில மணி நேரத்தில் தீரும் என்பதால், அடுத்த கணிப்பை அந்த நேரத்தை எதிர்பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

மதியம் இரண்டரை மணி. குழந்தை முனகத் தொடங்கியிருக்கிறான். போர்வையை விலக்கிப் பார்த்தால் வலது முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கியிருக்கிறான். மெதுவாக நீட்டிவிட்டால் உடனே மறுபடி மடக்கிக்கொள்கிறான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிகிறான், ஆனால் வளையவோ விறைக்கவோ இல்லை. நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை புருவம் நெரிகிறது, மோவாய் நடுங்கவில்லை. சிணுங்கல் விட்டு விட்டு வருகிறது. அம்மா தோளில் போட்டுத் தட்டினால் அடங்குகிறான், கீழே விட்டால் சிறிது நேரத்தில் தொடங்குகிறான்.

முகம் 1, கால்கள் 2, உடல் அசைவு 1, அழுகை 1, தேறும் தன்மை 1. மொத்தம் 6. அழுகையை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் இது 'லேசான சிணுங்கல்' என்று முடிந்திருக்கும். எண்ணைத் தூக்கிக் காட்டியது அந்த வலது முழங்கால்.

மருத்துவர் எழுதிவைத்தபடி பாராசிட்டமால் சிரப் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், அதாவது 135 மி.கி. கொடுக்க வேண்டும். ஐந்து மில்லியில் 250 மி.கி. உள்ள பாட்டிலானால் 2.7 மி.லி.; 125 மி.கி. உள்ள பாட்டிலானால் 5.4 மி.லி. இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கும் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்றரை மணிக்கு மறுகணிப்பு: புருவம் எப்போதாவது நெரிகிறது, முழங்கால் நீட்டியிருந்தாலும் தொட்டால் சற்று விறைப்பு, மற்றவை இயல்பு. முகம் 1, கால்கள் 1, மொத்தம் 2. இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பயனில்லை.

பசிக்கு அழுகிறதா, பயத்தில் அழுகிறதா, வலியில் அழுகிறதா என்று ஃப்ளாக் பிரித்துச் சொல்லுமா?

சொல்லாது. மூன்றுக்கும் முகமும் காலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிக்கும் வேலையை நீங்கள்தான், ஒன்றைச் செய்துபார்த்து மறுபடி கணித்துச் செய்ய வேண்டும்.

ஒரு பயிற்சியின்போது நடந்தது இது. எட்டு மாதப் பெண் குழந்தை, நிமோனியாவுக்காக அனுமதி, இடது கையில் கானுலா. மாணவி கட்டிலை நெருங்கியதுமே குழந்தை வீறிட்டது. அவர் நின்ற இடத்திலிருந்தே முகம் 2, கால்கள் 2, உடல் அசைவு 1, அழுகை 2, தேறும் தன்மை 2 என்று மொத்தம் 9 போட்டார். குழந்தையை யார் தேற்றிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். யாரும் தூக்கவே இல்லை. ஐந்தாவது அம்சம் மற்ற நான்கைப் போல நின்று பார்ப்பதல்ல, செய்து பார்ப்பது. யாரும் தேற்ற முயலாத குழந்தைக்கு 2 போட வழியே இல்லை.

மாணவியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, தாயைப் பால் கொடுக்கச் சொன்னோம். மூன்று மணி நேரமாகக் குடிக்கவில்லையாம். பத்து நிமிடத்தில் மொத்தம் 0. பசியும் வெள்ளைச் சீருடையும்தான் காரணம் என்று எல்லோரும் கலைந்துவிட்டோம். அங்கேதான் நானும் தவறினேன். தாய்ப்பால் வலியையும் தணிக்கும். பால் குடித்து அடங்கியதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. கால் மணி நேரம் கழித்துத் துணியை மாற்றும்போது இடது கை உரசியதும் குழந்தை மறுபடி வீறிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் கானுலா சிரையிலிருந்து விலகி, மருந்து திசுவுக்குள் கசிந்து, புறங்கை வீங்கிச் சில்லென்று இருந்தது.

ஆகவே இப்படிப்பட்ட குழந்தைக்கு எண்ணை மட்டும் எழுதாமல், எப்போது, என்ன சூழலில் என்பதையும் எழுதுங்கள்: 'நெருங்கும்போது தேறும் தன்மை நீங்கலாக 7, பசியுடன்; பாலுக்குப் பின் 0; இடது கையைத் தொட்டால் 7.' மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கானுலாவைப் பார்க்கத் தோன்றும். மூன்றின் சராசரியைப் போட்டிருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காது.

குழந்தை அழவில்லை, அசையவில்லை, சும்மா படுத்திருக்கிறது. 0 போட்டுவிடலாம்தானே?

மூன்று வயதுப் பெண் குழந்தை, வெந்நீர் கொட்டி மார்பிலும் வலது கையிலும் தீப்புண், இரண்டாம் நாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், கண் திறந்திருக்கிறது. பலூனை ஊதிக் காட்டினால் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். அழுகை இல்லை. தொடையில் கை வைத்தால் தசை இறுகியிருக்கிறது. புரட்டப் போனால் உடலை இறுக்கிக்கொள்கிறாள்.

நாட்டமில்லாத முகத்துக்கு 1, தொட்டால் இறுகும் கால்களுக்கு 1, இறுக்கமான உடலுக்கு 1, அழுகைக்கு 0. தேறும் தன்மையில் வாதம் உண்டு: அழாத குழந்தையை எங்கே தேற்றுவது? 0 என்பது நிம்மதியாகத் தளர்ந்திருக்கும் குழந்தைக்கு உரியது. இவள் அப்படி இல்லை. கவனத்தைத் திருப்பவும் முழுதாக முடியவில்லை. நான் 1 போடுவேன். 2 போடும் மாணவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். மொத்தம் 4. உடலைத் தொடாமல் கட்டிலின் கால்மாட்டிலிருந்து பார்த்தவருக்கு இதே குழந்தை 0 அல்லது 1.

ஃப்ளாக் முதலில் சோதிக்கப்பட்டது அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளிடம், அதாவது புதிதாகத் தொடங்கிய கூர்மையான வலியில். வலி மணிக்கணக்காக, நாள்கணக்காக நீடித்தால் குழந்தை அழுது சோர்ந்து அசைவைக் குறைத்துக்கொள்ளும்; அசைந்தால் வலி கூடும் என்று அது கற்றுக்கொண்டுவிடுகிறது. அழுகையையும் அசைவையும் எண்ணும் கருவி அங்கே குறைத்தே காட்டும். தசை தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டர் குழந்தைக்கு இந்தக் கருவி அறவே உதவாது. அங்கே 0 என்று எழுதாமல் 'கணிக்க இயலாது, காரணம் இது' என்று எழுத வேண்டும். இந்தச் சிறுமிக்கு 4 என்பதோடு தீப்புண், இரண்டாம் நாள், அடுத்துக் கட்டு மாற்றப் போகிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொன்னால்தான் கட்டு மாற்றுவதற்கு முன்பே மருந்து கிடைக்கும்.

பிறந்த குழந்தைக்கு ஏன் தனியாக நிப்ஸ்? அதையே ஃப்ளாக்கில் போட்டால் என்ன?

பச்சிளங்குழந்தையின் கை கால்கள் இயல்பிலேயே மடங்கித்தான் இருக்கும், அதன் பாவனைகளும் வேறு. நிப்ஸில் ஆறு அம்சங்கள்: முகம், அழுகை, மூச்சு, கைகள், கால்கள், விழிப்பு நிலை. அழுகைக்கு மட்டும் 0 முதல் 2. மற்ற ஐந்துக்கும் 0 அல்லது 1. மொத்தம் 7, மூன்றைத் தாண்டினால் வலி என்று கொள்வது வழக்கம்.

மூன்றாம் நாள் குழந்தை, நிறைமாதம். தைராய்டு பரிசோதனைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கப் போகிறோம். குத்துமுன் அமைதியான தூக்கம், மொத்தம் 0. குத்தியதும் முகம் சுருங்கிப் புருவமும் மோவாயும் இறுகின, 1. வீறிட்ட அழுகை, 2. மூச்சு சீரற்று வேகமானது, 1. கைகள் விறைத்து மடங்கின, 1. கால்களும் அப்படியே, 1. விழித்துப் பரபரத்தது, 1. மொத்தம் 7. தாயின் மார்பில் சேர்த்து இரண்டு நிமிடம் கழித்து: விட்டு விட்டு முனகல், 1, இன்னும் அமைதியாகவில்லை, 1, மற்றவை 0. மொத்தம் 2. முன், நடுவில், பின் என்ற இந்த மூன்று எண்களும் சேர்ந்தால்தான் ஒரு நிப்ஸ் பதிவு முழுமையாகும்.

தொண்டையில் குழாய் உள்ள குழந்தைக்குச் சத்தம் வராது. வாயும் முகமும் அழுகையின் அசைவைத் தெளிவாகக் காட்டினால், அந்த ஓசையில்லா அழுகைக்கும் 2 உண்டு.

குறைமாதக் குழந்தையிடம் நிப்ஸும் தடுமாறும். இருபத்தொன்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முகத்தைச் சுளிக்கவும் வலுவில்லை. குத்தினால் கை ஒரு முறை விரியும், பிறகு துவண்டுவிடும். பிப்-ஆர் இதைத்தான் ஈடுகட்டுகிறது: இதயத்துடிப்பின் ஏற்றத்தையும் ஆக்சிஜன் அளவின் இறக்கத்தையும் சேர்த்துக்கொள்வதோடு, முதிர்ச்சி குறைவுக்கென்றே 28 முதல் 31 வாரக் குழந்தைக்கு 2 மதிப்பெண்ணும், 28 வாரத்துக்கும் குறைவானால் 3 மதிப்பெண்ணும் கூட்டுகிறது. ஆனால் முகத்திலோ துடிப்பிலோ ஆக்சிஜனிலோ ஏதேனும் மாற்றம் இருந்தால் மட்டுமே இவற்றைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கும் குழந்தைக்கும் வலி இருப்பதாகக் கணக்கு வந்துவிடும்.

நாக்கில் சர்க்கரைக் கரைசல் விட்டால் எண் குறைகிறதே, வலியும் குறைந்துவிட்டதாகத்தானே அர்த்தம்?

ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடும் சுக்ரோஸ் கரைசல் பச்சிளங்குழந்தையின் வலி மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று நிறையவே இருக்கிறது. ஆனால் 2010இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், குதிகாலில் குத்தும்போது சுக்ரோஸ் பெற்ற குழந்தைகளின் முகச்சுளிப்பு குறைந்தாலும், மூளையில் பதிவான மின் அலை குறையவில்லை. கருவி அளப்பது நடத்தையை என்று முதல் பதிலில் சொன்னதன் நேரடி விளைவு இது. கரைசலைக் கைவிடச் சொல்லவில்லை. பெரிய வலிக்கு அதை மருந்தாக நினைத்துவிடாதீர்கள்.

ஐந்து வயதுப் பையன் எப்போது கேட்டாலும் கடைசி முகத்தையே காட்டுகிறான். நம்புவதா?

முதலில் எந்த அட்டையைக் காட்டினீர்கள் என்று பாருங்கள். வோங்-பேக்கர் அட்டையில் முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. சிறு குழந்தைகள் அதை 'நீ சந்தோஷமா, அழுகையா?' என்ற கேள்வியாகப் புரிந்துகொள்வது உண்டு. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியிடம் கடைசி முகத்தை ஏன் காட்டினாய் என்று கேட்டதற்கு, 'நான் அழுதேன்ல, அதான்' என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தவறாகப் போய்ச் சேர்ந்தது. 2001இல் திருத்தி வெளியிடப்பட்ட எஃப்.பி.எஸ்-ஆர் அட்டையின் ஆறு முகங்களில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதனால் இந்தக் குழப்பம் குறைகிறது.

கேட்கும் விதமும் முக்கியம். 'இதில் நீ எது?' என்று கேட்காதீர்கள். 'இந்த முகத்துக்கு வலியே இல்லை. இதுக்குக் கொஞ்சம் வலிக்குது, இதுக்கு இன்னும் கொஞ்சம், இதுக்கு ரொம்ப ரொம்ப வலிக்குது. உனக்கு வயிறு எவ்வளவு வலிக்குதுன்னு ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டு' என்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகளில் பலர் இரண்டு கோடிகளில் ஒன்றையே தேர்வு செய்வார்கள். நடுவில் உள்ளவை அவர்களுக்கு இன்னும் பிடிபடுவதில்லை. உங்கள் பையன் விளையாடிக்கொண்டே கடைசி முகத்தைத் தொட்டால், அவன் சொன்னதை அப்படியே எழுதி, ஃப்ளாக்கும் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவன் சொன்னதை நீங்கள் திருத்தி எழுத வேண்டாம்.

மூளைவாதம் உள்ள குழந்தையின் கால் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கிறது. கால்களுக்கு தினமும் 1 போடுவதா?

இதற்காகவே 2006இல் ஃப்ளாக்கின் திருத்திய வடிவம் வந்தது. அதில் ஒவ்வோர் அம்சத்திலும் பெற்றோர் சொல்லும் தனிக்குறிப்பைச் சேர்க்க இடம் உண்டு. சேர்க்கையின்போதே தாயிடம், 'நல்லா இருக்கும்போது காலை எப்படி வைத்திருப்பான்? வலி வந்தால் என்ன செய்வான்?' என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'வலித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்' என்று ஒரு தாய் சொன்னால், அந்தக் குழந்தைக்கு அந்தச் சிரிப்பு 0 அல்ல. கால்களைப் பொறுத்தவரை, வழக்கமான விறைப்பு 0; அதைவிடக் கூடினால்தான் 1 அல்லது 2.

நான் 5 போட்டேன், என் தோழி 8 போட்டாள். யார் சரி?

மொத்தத்தை வைத்து வாதிடாதீர்கள், அம்சம் அம்சமாக ஒப்பிடுங்கள். கடைசிப் பயிற்சியாக இதையே தருகிறேன். இரண்டு வயதுக் குழந்தை, முழங்கைக்கு மேல் எலும்பு முறிவு, கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் தாங்கவிட்டிருக்கிறார்கள். தொடர்ந்து அழுகிறது. மோவாய் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கால்களை அவ்வப்போது நிலைகொள்ளாமல் அசைக்கிறது, உதைக்கவில்லை. உடல் அசையாமல் கையை அணைத்தபடி இறுகியிருக்கிறது. அப்பா தூக்கிப் பாட்டுப் பாடியும் மொபைலைக் காட்டியும் நிற்கவில்லை. கீழே படிக்குமுன் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள்.

என் கணக்கு: முகம் 2, கால்கள் 1, உடல் அசைவு 1, அழுகை 2, தேறும் தன்மை 2, மொத்தம் 8. 5 வந்திருந்தால் பெரும்பாலும் நீங்கள் முகத்துக்கு 1-உம், 'அசையவில்லை' என்பதால் உடலுக்கு 0-உம், அப்பா தூக்கியதையே தேறியதாக எண்ணித் தேறும் தன்மைக்கு 1-உம் போட்டிருப்பீர்கள். 9 வந்திருந்தால் உடலின் இறுக்கத்தை விறைப்பு என்று எடுத்து 2 போட்டிருப்பீர்கள். அது நியாயமான கருத்து வேறுபாடு, மருத்துவரை அழைப்பதில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை மிதமானது, 7 முதல் 10 வரை கடுமையானது என்று பிரிப்பதால், 8-உம் 9-உம் ஒரே கட்டத்தில்தான் வருகின்றன. 5-க்கும் 8-க்கும் இடையில்தான் அந்தக் கோடு ஓடுகிறது. அதோடு இந்தக் குழந்தைக்கு மதிப்பெண் எதுவானாலும் விரல்களின் நிறம், சூடு, மணிக்கட்டு நாடி ஆகியவற்றைப் பாருங்கள். இந்த எலும்பு முறிவில், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், அது கைக்கு ரத்தம் போகவில்லை என்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போது அடுத்த வேளை மருந்துக்காகக் காத்திராமல் உடனே எலும்பு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.